என்னுடன் வசித்து வருகிறார்

“இந்தப் பேரு யாரோடது மேடம்?” என்று கரண்டு பில்லை என் பக்கம் திருப்பிக் கேட்டார் வங்கிக்காரர்.

எனக்கு அந்தப் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கரண்டு பில்லில் பார்க்கிறேன், கேஸ் புத்தகத்தில் பார்க்கிறேன், தண்ணீர் ரசீதில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். என் வீட்டுக்காரரின் முதல் மனைவி அவள். விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது. ஆள்தான் போனாள், பெயர் போகவில்லை.

“தெரிஞ்சவங்க சார்,” என்றேன்.

“தெரிஞ்சவங்கன்னா? வீட்டு ஓனரா?”

“இல்ல. முன்னாடி அந்த வீட்டுல இருந்தவங்க.”

“இப்ப இருக்கறது நீங்க. அப்புறம் பில்லு ஏன் அவங்க பேர்ல வருது?”

நல்ல கேள்வி. இதைத்தான் நானும் என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருப்பார். “பேர்ல என்ன இருக்கு? லைட்டு எரியுதுல்ல?” என்பார். எரிவது லைட்டு மட்டும் இல்லை என்று அவருக்கு யார் சொல்வது?

நான் வங்கிக்கு வந்ததே வேலை கிடைத்த சந்தோஷத்தில்தான். ஊருக்குள் பெரிய பேக்கரி அது. கேக் அலங்கரிக்கும் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். க்ரீமைப் பைப்பிங் பையில் அடைத்து, பிறந்தநாள் குழந்தைகளின் பெயரையும் கல்யாண ஜோடிகளின் பெயரையும் நடுங்காமல் எழுதிக் காட்டினேன். அன்றே வேலை நியமனக் கடிதம் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. சம்பளம் கையில் தரமாட்டார்கள், வேலை செய்கிறவரின் சொந்தப் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கில்தான் போடுவார்கள். மாசக் கடைசிக்குள் கணக்கு எண் கொடுக்காவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். எனக்குக் கணக்கே கிடையாது. பிறந்த வீட்டில் அப்பா கணக்கு, புகுந்த வீட்டில் புருஷன் கணக்கு என்றே வயதாகிவிட்டது.

வங்கிக்காரர் நல்ல மனுஷர். என் அடையாள அட்டையைக் கையில் எடுத்தார்.

“இதுல இருக்கறது உங்க அப்பா வீட்டு அட்ரஸ். அங்க இப்ப யாரு இருக்கா?”

“அப்பா போனதும் வித்துட்டோம் சார்.”

“அப்ப அதை வச்சு எதுவும் பண்ண முடியாது. ஏடிஎம் கார்டு, செக் புக் எல்லாம் போஸ்ட்லதான் வரும். நீங்க இப்ப இருக்கற வீட்டுக்குச் சான்று வேணும். வாடகை ஒப்பந்தம் இருக்கா?”

“இருக்கு.”

“யார் பேர்ல?”

அவரே பில்லைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

“சரி, உங்க வீட்டுக்காரர் அட்டையில இந்த அட்ரஸ் இருந்தாக்கூடப் போதும். கல்யாணச் சான்றிதழ் வச்சு முடிச்சிடலாம்.”

அவருடைய அட்டையில் மாமியார் இருந்த பழைய வீட்டு முகவரி. மாமியாரும் இல்லை, அந்த வீடும் இல்லை, அங்கே இப்போது செருப்புக் கடை இருக்கிறது. மாற்று, மாற்று என்று நானும் தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஏசி ரிப்பேர் பார்க்க ஊரெல்லாம் மாடியேறி இறங்கத் தெரிந்த மனுஷருக்கு, ஒரு அலுவலகப் படி ஏற மட்டும் கால் வராது.

வங்கிக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். “கடைசியா ஒரு வழி இருக்கு. சான்று அடுத்தவங்க பேர்ல இருந்தா, அந்த அடுத்தவங்க ‘இன்னார் என்னோட இந்த அட்ரஸ்ல இருக்காங்க’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அவங்க அடையாள அட்டை நகலும் வேணும். புருஷன், அப்பா, அம்மா, பிள்ளை, மாமனார், மாமியார்னா பிரச்சனை இல்ல. மத்தவங்கன்னா நேர்ல வந்து மேனேஜர் முன்னாடி போடணும், அவர் பாத்து முடிவு பண்ணுவார். இங்க பாருங்க, உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு. அவங்க உங்களுக்கு என்ன உறவு?”

“சொல்லிக்கிற மாதிரி உறவு இல்ல சார்.”

“எதையாவது எழுதணுமே.”

“என் வீட்டுக்காரரோட முதல் சம்சாரம்,” என்றேன், மெதுவாகத்தான்.

எனக்குப் பின்னால் நின்ற அம்மாளுக்குக் காது எங்கேதான் இருந்ததோ. “அதுக்கா இவ்ளோ யோசனை? சக்களத்தின்னு எழுது,” என்றாள். வரிசையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். வங்கிக்காரரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

தெருவோரம் நின்று அந்தத் தாளைப் படித்தேன். ‘மேற்படி நபர் மேற்கண்ட முகவரியில் என்னுடன் வசித்து வருகிறார் என்று உறுதி கூறுகிறேன்.’ அவளுடன் நான் வசிக்கிறேனாம்! ஒருவகையில் உண்மைதான் என்று எனக்கே எரிச்சலோடு தோன்றியது. கூடவேதான் இருக்கிறாள். எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் ‘டீச்சர் வீடு’ என்றுதான் பெயர். தண்ணீர் கேன் கொண்டு வருகிறவர் கீழேயிருந்து “டீச்சர் வீட்டுக்கா?” என்று கத்துவார். குழாய் ரிப்பேருக்கு வந்தவர், “டீச்சர் இருந்தப்ப வருஷத்துக்கு ஒரு தடவை வாஷர் மாத்திடுவாங்க” என்று எனக்குப் பாடம் எடுத்தார். நான் வந்தபோது சமையலறை டப்பாக்களில் எல்லாம் அச்சடித்த மாதிரி கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது: சர்க்கரை, உப்பு, ரவை. வெந்நீரில் ஊறப்போட்டுச் சுரண்டி எடுத்தேன். அதற்கப்புறம் காப்பியில் உப்பைப் போட்டுக் கொடுத்தது தனிக்கதை.

ஒருநாள்கூட நேரில் பார்த்ததில்லை. பார்க்காததால் அவளை நான் இஷ்டத்துக்கு அழகாக்கி வைத்திருந்தேன். உயரம், நிறம், நீளமான கூந்தல், இங்கிலீஷ். இவர் எதையாவது மறந்துபோய் நின்றால் அவளை நினைக்கிறார் என்று தோன்றும். கூடக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தாலும் அப்படித்தான் தோன்றும்.

அன்று வேலை முடிந்து இவர் வந்ததும் தாளை முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்துவிட்டு, “இதுக்கு எதுக்கு இவ்ளோ அலைச்சல்? என் அக்கவுண்ட் நம்பரைக் குடுத்துடேன்,” என்றார்.

“குடுத்துப் பாத்தாச்சு. புருஷன் கணக்குல போட மாட்டோம்னு சூப்பர்வைசர் அக்கா சொல்லிட்டாங்க. எத்தனையோ வீட்டுல சம்பளம் புருஷன் கைக்குப் போய்ப் பொண்டாட்டி வெறுங்கையோட வர்றதைப் பாத்துத்தான் அந்த ரூலே வந்துச்சாம்.”

“நான் அப்படியா?”

“நீங்க எப்படின்னு பில்லுலயே தெரியுதே. பொண்டாட்டி நானு, பேரு அவளுது.”

“ஆரம்பிச்சிட்டியா?”

“வாடகை ஒப்பந்தத்தை உங்க பேருக்கு மாத்தினாத்தான் என்ன?”

“ஓனர் வெளிநாட்டுல பையன்கூட இருக்காரு. எல்லாம் அந்த ஏஜென்ட்தான். மாசச் சம்பளக்காரங்களுக்குத்தான் எழுதுவேன்னு நிப்பாரு. நான் அன்னன்னிக்கு வேலை பாக்கறவன். சம்பளச் சீட்டுக் குடுன்னா எங்க போவேன்? புதுசா எழுதணும்னு வாயைத் திறந்தா வீட்டையே காலி பண்ணச் சொல்லிடுவாரு. இருக்கறதைக் கெடுத்துக்கணுமா?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நியாயத்தை யார் கேட்டார்கள் அப்போது? எனக்குத் தேவைப்பட்டது, ‘அவ பேரை அடிச்சுத் தூக்கறேன் பாரு’ என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை.

“அவங்ககிட்ட நீயே போய்க் கேளு,” என்றார். “நான் போனா நல்லா இருக்காது.”

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டேன். கையெழுத்துக் கேட்கப் போகிறவள் கொஞ்சம் எளிமையாகப் போக வேண்டாமா என்று கண்ணாடியே கேட்டது. போடி என்று இன்னொரு தடவை பவுடர் போட்டேன்.

டீச்சர் அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தாள். கதவைத் திறந்தது அண்ணி. நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மாள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், இலவசமாக சினிமா டிக்கெட் கிடைத்த மாதிரி. “உன்னைத் தேடி யாரு வந்திருக்கான்னு பாரு!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, சமையலறைக் கதவோரமாகவே நின்றுகொண்டாள்.

ஹாலின் மூலையில் ஒரு பீரோவைக் குறுக்கே போட்டுத் தடுத்திருந்தார்கள். அந்தப் பீரோவுக்குப் பின்னால் இருந்து டீச்சர் வந்தாள். குள்ளம். என்னைவிடக் கறுப்பு. முடியை ஒரு க்ளிப்பில் அடக்கியிருந்தாள், அதுவும் கொஞ்சம்தான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதற்காகவா இத்தனை நாள் தூக்கம் கெட்டேன் என்று கோபம்தான் வந்தது. அந்தக் கோபமும் அவள் பேசினதும் போய், பழைய எரிச்சலே திரும்பி வந்தது. அவ்வளவு நிதானமான குரல்.

“வாங்க, உக்காருங்க. இங்கதான் இடம்.”

பீரோவுக்குப் பின்னால் ஒரு கட்டில், அதன் மேல் பாதி திருத்திய பரீட்சைத் தாள்கள். கட்டிலுக்கு அடியில் இரண்டு பெட்டி. உட்கார வேறு நாற்காலி இல்லாததால் தாள்களை ஒதுக்கிவிட்டு நான் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். அவள் நின்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். கெஞ்சக்கூடாது என்று முடிவு பண்ணிப் போயிருந்ததால், கடன்காரனிடம் பேசுகிற மாதிரிதான் பேசினேன். தாளை வாங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசி வரி வரை, அடியில் இருந்த சின்ன எழுத்தையும் படித்தாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா.”

தெரியும் எனக்கு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரியும்.

“ஏன் டீச்சர்? நான் நாலு காசு சம்பாதிச்சுடக்கூடாதா?”

“‘என்னுடன் வசித்து வருகிறார்’னு இருக்கு. நீங்க என்கூட இல்ல. நானே அங்க இல்ல. பேங்குக்குப் பொய் எழுதிக் குடுத்து, நாளைக்கு வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிச்சா? உங்க கணக்கையும் முடக்குவாங்க, எனக்கும் வேலை போகும்.”

“இவ்ளோ நாளா இல்லாத வீட்டுல உங்க பேரு மட்டும் இருக்கே, அது பொய் இல்லையா?”

சமையலறைக் கதவோரம் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. டீச்சர் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

“பொய்தான். அதைத்தான் போன வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர் கொண்டு வந்தப்பவே சொன்னேன். மாத்திக்குங்க, இதான் கடைசின்னு.”

கையிலிருந்த தாளை மடியில் வைத்தேன்.

“யாரு கொண்டு வந்தாங்க?”

“அவர்தான். வருஷா வருஷம் ஸ்கூல் வாசலுக்குக் கொண்டு வருவாரு. நான் கையெழுத்துப் போட்டுக் குடுப்பேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

தெரியாது. நான் போனால் நல்லா இருக்காது என்று நல்ல பிள்ளையாகச் சொன்ன மனுஷர், வருஷா வருஷம் போய் நின்றிருக்கிறார். ஸ்கூல் வாசலில். என்ன சட்டை போட்டுக்கொண்டு போயிருப்பார்? டீ குடித்திருப்பார்களா? “எப்படி இருக்கே?” என்று கேட்டிருப்பாரா? ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும், மீதி நேரம் என்ன பேசினார்கள்? உட்கார்ந்த இடத்திலேயே நான் வெந்தேன்.

“உங்களுக்கும் அது வசதியாத்தான் இருந்திருக்கு,” என்றேன். “இல்லாட்டி ஏன் போட்டுக் குடுக்கணும்?”

“வசதிதான்,” என்று அவள் ஒத்துக்கொண்டாள். அது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. சண்டைக்குப் போனவளிடம் ஒத்துக்கொள்கிறவர்களை என்ன செய்வது?

அவள் கட்டிலின் ஓரத்தில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கும் பேங்க்ல அட்ரஸ் அந்த வீடுதான். ஸ்கூல்லயும் அதான். இங்க கரண்டு பில்லு, வீட்டு வரி எல்லாம் அண்ணி பேர்ல இருக்கு. அட்ரஸை இங்க மாத்தணும்னா, இதே மாதிரி ஒரு தாளை அண்ணி முன்னாடி நீட்டணும். ‘என்னுடன் வசித்து வருகிறார்’னு அவங்க எழுதிக் குடுக்கணும்.” லேசாகச் சிரித்தாள். “ஒருதரம் கேட்டேன். ‘எழுதிக் குடுத்தா அப்புறம் இங்கயே தங்கிடுவியே’ன்னாங்க. அதுக்கப்புறம் கேக்கல. அந்தப் பேரு அங்க இருக்கற வரைக்கும் எனக்கும் ஒரு வீடு இருக்கற மாதிரி. அவ்ளோதான் விஷயம். உங்க வீட்டுக்காரரைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கேன்னு நினைக்காதீங்க.”

“நான் அப்படி நினைக்கல,” என்றேன். பச்சைப் பொய்.

“நினைச்சிருப்பீங்க. நானா இருந்தா நினைச்சிருப்பேன்.”

அண்ணி டீயோடு வந்தாள். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. டீச்சருக்கு இல்லை. அதை டீச்சர் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. பாதி குடித்துவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்த டீச்சர், “உங்க வேலை நியமனக் கடிதத்துல சம்பளம் போட்டிருக்கா?” என்று கேட்டாள். போட்டிருக்கிறது என்றேன். “கம்பெனி முத்திரை?” இருக்கிறது என்றேன். தலையாட்டி, என் போன் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பரிதாபம் வந்திருக்க வேண்டும் எனக்கு. வழியெல்லாம் வரவழைக்கப் பார்த்தேன். ஸ்கூல் வாசல்தான் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, “ஸ்கூல் வாசல்ல வெயிலா, நிழலா?” என்று கேட்டேன். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

“கையெழுத்து வாங்கத்தானே போனேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ இப்படிப் பண்ணுவேன்னுதான்.”

“என்ன பேசினீங்க?”

“எங்க கையெழுத்துப் போடணும்னு கேப்பாங்க. இங்கன்னு காட்டுவேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் பெல் அடிச்சிடும்.”

அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் பெயரவில்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பார், பொய் சொல்கிற அளவுக்கு அவருக்குச் சுறுசுறுப்பு கிடையாது. ஆனாலும் அன்று ராத்திரி சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கணக்கு எண் வரும்வரை சம்பளமில்லாமல் வந்து பழகிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். சூப்பர்வைசர் அக்கா தினமும் கேட்டாள், “அக்கவுண்ட் என்னாச்சு?” என்று. பட்டியலில் அடுத்து இருந்த பெண் ஒருநாள் நேரிலேயே வந்து, நான் ரோஜாப்பூ போடுவதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். இன்னும் கிடைக்காத வேலைக்கு அதற்குள் ஒரு சக்களத்தி. எனக்கென்று வந்து வாய்க்கிறது பாருங்கள்.

மாசக் கடைசி நெருங்கியபோது டீச்சரிடமிருந்து போன் வந்தது. “நாளைக்கு ஏஜென்ட் ஆபீசுக்கு வாங்க. அடையாள அட்டை, நியமனக் கடிதம், ரெண்டு போட்டோ. வேற யாரும் வரத் தேவையில்ல.” ஏன், எதற்கு என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள். அங்கேயும் பெல் அடித்திருக்கும்.

ஏஜென்டின் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சாவிக்கொத்துகள் ஆணி ஆணியாகத் தொங்கின. டீச்சர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

“இந்த வீட்டை நான் விட்டுடறேன்,” என்று ஏஜென்டிடம் சொன்னாள். “இவங்க பேர்ல புதுசா எழுதுங்க.”

“இவங்க யாரு? தங்கச்சியா?”

“இப்ப அந்த வீட்டுல இருக்கறது இவங்கதான்.”

“அப்ப சாரு பேர்ல எழுதலாமே?”

“சாருக்குச் சம்பளச் சீட்டு இல்லன்னு நீங்கதான எழுத மாட்டேன்னீங்க? இவங்களுக்கு இருக்கு. மாசச் சம்பளம். கம்பெனி முத்திரை இருக்கு, பாருங்க.”

ஏஜென்ட் என் நியமனக் கடிதத்தைப் பார்த்தார். பேக்கரியின் பெயரைப் பார்த்ததும், “நம்ம பேத்தி பர்த்டேக்கு அங்கதான் ஆர்டர்” என்றார். ஓனருக்குப் போன் போட்டார், அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். சரி என்றார். டீச்சர் விடுதலைத் தாளில் கையெழுத்துப் போட்டாள். டப்பாச் சீட்டுகளில் பார்த்த அதே கையெழுத்து. பிறகு பேனா என்னிடம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். கேக்கில் பெயர் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதினேன்.

“கூட யாரு இருப்பாங்க?” என்று ஏஜென்ட் கேட்டார். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு இடம் இருந்தது.

“வீட்டுக்காரர்,” என்றேன், டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. சத்தமாகத்தான் சொன்னேன். ஜெயித்துவிட்டேன், தெரிந்துகொள் என்று சொன்னேன். அவள் தன் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

ஏஜென்ட் இன்னொரு தாளை எடுத்தார். “அப்ப டீச்சர், உங்களோடதையும் முடிச்சிடுவோமா? மாடி ரூம்.”

ஒரு அறை, ஒரு சின்ன சமையலறை, மொட்டை மாடி பார்த்த ஜன்னல். ஸ்கூலுக்குப் பின்தெரு. அதை அவள் ஏற்கெனவே போய்ப் பார்த்து வைத்திருந்தாள்.

“நீங்க வந்துட்டுப் போன அன்னிக்குத்தான் தோணிச்சு,” என்று என்னிடம் சொன்னாள். “இன்னொருத்தி வீட்டுல இருக்கற என் பேரைப் பத்திரமாப் பாத்துக்கிட்டு, அண்ணன் வீட்டுப் பீரோவுக்குப் பின்னாடி எதுக்குப் படுத்துக் கிடக்கேன்னு.”

“கூட யாரு டீச்சர்?” என்று ஏஜென்ட் கேட்டார்.

“யாரும் இல்ல. நான்தான்.”

சோகமாகச் சொன்னாளா? இல்லை. கடையில் ‘மிச்சச் சில்லறை வேண்டாம்’ என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பையில் தேடியது கிடைத்துவிட்டது, அது ஒரு பூட்டு. புதுசு, அட்டைகூடப் பிரிக்கவில்லை. ஏஜென்ட் கொடுத்த பழைய பூட்டை மறுத்து, தன்னுடையதைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். அந்தப் பூட்டையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் எரிந்த வயிறு வேறு, அப்போது எரிந்தது வேறு. இனி அவள் வீட்டுக்குள் யாரும் அவள் அனுமதி இல்லாமல் வர முடியாது. உப்பு எது, சர்க்கரை எது என்று சீட்டு ஒட்டி வைத்தால் யாரும் சுரண்ட மாட்டார்கள். யார் எந்த வாசலில் போய் நின்றார் என்று அவள் யாரையும் கேட்கத் தேவையில்லை. படியிறங்கும்போது, “நல்லா வேலை பாருங்க” என்று என் தோளைத் தட்டிவிட்டு, ஆட்டோகூடப் பிடிக்காமல் நடந்தே போனாள். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணி வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனோம். இந்தத் தடவை இவரும் கூட வந்தார். அதே வங்கிக்காரர். ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டி, என் பெயரை என் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். “இப்ப யாரோட கையெழுத்தும் வேணாம் மேடம். உங்க பேருலயே இருக்கு,” என்றார். போட்டோ ஒட்டினேன், மாதிரிக் கையெழுத்துப் போட்டேன், கட்டங்களை நிரப்பினேன். கணக்கு எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். உட்கார்ந்தபடியே சூப்பர்வைசர் அக்காவுக்கு அனுப்பினேன். “திங்கக்கிழமைலேருந்து வேலைதான், வந்துடு” என்று பதில் வந்தது.

எழுந்திருக்கும்போது இவர் மெல்ல என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“சார், என் கணக்கும் இங்கதான் இருக்கு. அட்ரஸ் பழசு. இந்த வீட்டுக்கே மாத்திடலாமா?”

“தாராளமா. உங்க பேர்ல என்ன சான்று இருக்கு?”

“என் பேர்ல எதுவும் இல்ல சார். சம்சாரம் பேர்லதான்.”

“அப்ப மேடம் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். கல்யாணச் சான்றிதழ் நகல்தான் கையிலயே வச்சிருக்கீங்களே.” மேஜைக்கு அடியிலிருந்து தாளை உருவி, இவர் பெயரைத் தானே நிரப்பி, என் பக்கம் தள்ளினார்.

உறவுமுறைக் கட்டத்தில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கணவர். இவர் என் தோளுக்கு மேல் குனிந்து, “இங்க,” என்று விரலால் காட்டினார். ஸ்கூல் வாசலிலும் இப்படித்தான் காட்டியிருப்பார். அந்த நேரத்தில் அவள் தன் மாடி ரூமில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, தனக்கு மட்டும் ஒரு டீ போட்டுக் குடித்துக்கொண்டிருப்பாள். யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லாமல். அவளை நினைத்து நான் அன்றைக்குப் பட்ட பொறாமை, அவள் பெயர் என் வீட்டுச் சுவரெல்லாம் இருந்தபோதுகூடப் பட்டதில்லை.

“என்ன யோசனை? போடு,” என்றார் இவர்.

மேற்படி நபர் மேற்கண்ட முகவரியில் என்னுடன் வசித்து வருகிறார்.

போட்டேன். உண்மைதானே.